கட்டண வலையமைப்பு முடங்கிய மாலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூட்டம் நிரம்பிய மாலையில் டிஜிட்டல் கட்டணம் நின்றுபோனால், உணவகத் தொழிலுக்குப் புதியவர்கள் அனைவரும் ஏறக்குறைய ஒரே தவறுகளையே செய்கிறார்கள். கட்டண இயந்திரத்தில் சார்ஜ் இல்லாமல் விடுவது போன்றவை ஒருமுறை பட்டதும் திருந்திவிடும். திருந்தாமல் தொடர்கிற தவறு ஒன்று உண்டு. அதை இன்றும் எங்கேனும் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது.

"மறுபடியும் அனுப்பிப் பாருங்கள்" என்று சொல்வது

எனக்குத் தெரிந்த சிறு உணவக உரிமையாளர் ஒருவருக்கு நேர்ந்தது இது. எல்லா மேசைகளும் நிறைந்து, வாசலிலும் ஆட்கள் காத்திருந்த நேரத்தில், நான்காம் மேசையில் இருந்தவர் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் அனுப்பினார். அவருடைய கைப்பேசி 'நிலுவையில்' என்று காட்டியது. கடையின் கணக்கிலோ எதுவும் வரவில்லை. உரிமையாளர் மறுபடியும் அனுப்பச் சொன்னார். அதுவும் நிலுவையில் நின்றதால், அவர் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு எழுந்தார். வாசலைத் தாண்டுவதற்குள், இரண்டு முறையும் பணம் எடுக்கப்பட்டதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்திகள் வந்தன. அவர் திரும்பி வந்து அவற்றைக் காட்டியதும், பின்னால் நின்ற வரிசையைப் பார்த்துப் பதறிய உரிமையாளர், இரண்டு தொகையையும் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் முதல் தொகை கடையின் கணக்கில் வரவானது. இரண்டாவது தொகை வாடிக்கையாளருக்கே தானாகத் திரும்பிச் சென்றது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், கடைக்கு ரொக்கமாக ஒரு மடங்கும் கணக்கில் ஒரு மடங்கும் வந்தன. கல்லாவிலிருந்து இரண்டு மடங்கு வெளியே போனது. அந்த மேசைக்குப் பரிமாறிய உணவுக்குக் கடைக்கு எதுவுமே கிடைக்கவில்லை. இதில் யாரும் ஏமாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

'நிலுவையில்' என்பது தோல்வி அன்று. பணம் வாடிக்கையாளரின் வங்கியிலிருந்து கிளம்பி, இடையிலுள்ள வலையமைப்பைக் கடந்து, கடையின் வங்கிக்கு வந்து சேர வேண்டும். சேர்ந்ததற்கான பதில் அதே வழியில் திரும்பிச் செல்ல வேண்டும். இடையில் எங்கேனும் பதில் தொலைந்துவிட்டால், பணம் எடுத்த வங்கிக்கும் அதன் முடிவு தெரியாது. பின்னர் வங்கிகள் தங்கள் கணக்குகளை ஒப்பிட்டு நேர்செய்யும்போதுதான் அது கடைக்கு வரவாகிறது, அல்லது அனுப்பியவருக்கே திரும்புகிறது. இந்த இரண்டில் எது நடக்கும் என்பதை அன்று மாலை கல்லாவில் இருப்பவரால் அறிய இயலாது. ஆகவே, மறுபடி அனுப்பச் சொல்லும் ஒவ்வொரு முறையும் தீராத கணக்கு ஒன்று கூடுகிறது.

முதல் முயற்சி நிலுவையில் நின்றவுடன் அந்த வழியை அத்துடன் நிறுத்திவிட வேண்டும். பில்லின் கடைப்பிரதியில் மேசை எண், நேரம், தொகை, வாடிக்கையாளரின் திரையில் தெரியும் பரிவர்த்தனை எண், அவருடைய கைப்பேசி எண் ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். ரொக்கம் இருந்தால் வாங்கிக்கொண்டு, "முந்தைய பணமும் எங்களுக்கு வந்துவிட்டால், அது வந்த கணக்கிற்கே திருப்பி அனுப்புகிறோம்" என்று அவருடைய பில் பிரதியில் எழுதிக் கொடுக்கலாம். ரொக்கம் இல்லையென்றால் அவரைப் போகவிடுவதே நல்லது. ஒரு பில் வராமல் போகும் இழப்பு, பத்துப் பேருடைய இரட்டைக் கட்டணங்களை அவிழ்க்கும் சிக்கலைவிடச் சிறியது என்பதே என் கணிப்பு.

அதே மாலையில் ஆறாம் மேசையில் இருந்தவர், அனுப்பிய பணம் நிலுவையில் நின்றதால் ரொக்கம் கொடுத்துவிட்டுச் சென்றார். அவர் அனுப்பிய தொகையும் மறுநாள் வந்து சேர்ந்தது. ஆனால் அதே தொகையில் வேறு வரவுகளும் இருந்தன. பரிவர்த்தனை எண்ணை யாரும் குறித்து வைக்காததால், எது யாருடையது என்று உரிமையாளரால் சொல்ல முடியவில்லை. அந்த வாடிக்கையாளர் தம் வங்கியில் புகார் கொடுத்த பிறகே அது தெளிவாயிற்று.

வாடிக்கையாளர் காட்டும் திரைப்பிடியை நம்புவது

கடையின் கணக்கில் வரவு தெரிந்தால் மட்டுமே பணம் வந்ததாகக் கொள்ள வேண்டும்.

கார்டு இயந்திரத்தின் ஆஃப்லைன் வசதியை அளவின்றிப் பயன்படுத்துவது

சில இயந்திரங்கள் இணைப்பு இல்லாதபோதும் கார்டை ஏற்று, விவரத்தைச் சேமித்து வைத்துப் பின்னர் வங்கிக்கு அனுப்பும். அப்போது வங்கி மறுத்தால், நட்டம் பொதுவாகக் கடையைச் சேர்ந்தது. ஆகவே சிறிய பில்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தலாம். பெரிய குழுவின் பில்லுக்கு வேண்டாம்.

பில் கொடுக்கும்போது அறிவிப்பது

டிஜிட்டல் கட்டணம் இயங்கவில்லை என்பதை ஆர்டர் எடுப்பதற்கு முன்பே, வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அன்றிரவே கணக்கை முடிப்பது

நிலுவையில் உள்ள பில்களை அன்றைய விற்பனையில் சேர்க்காமலும், நட்டத்தில் எழுதாமலும் தனி உறையில் வைக்க வேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கை வந்தபின் பரிவர்த்தனை எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, ஒரே பில்லுக்குக் கணக்கு வரவும் ரொக்கமும் சேர்ந்து வந்திருந்தால் மட்டும் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதையும் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்காமல், வந்த வழியிலேயே அனுப்ப வேண்டும்.