ரெண்டு ஸ்டேஜை சேர்த்தா கெயின் எங்க போகுது? கணக்கு போட்டுப் பாப்பம்

கல்முனைப் பக்கம் ஏ/எல் படிக்கிற ஒரு தம்பி சி828 ட்ரான்சிஸ்டர் ரெண்டு போட்டு மைக் ஆம்ப் ஒண்டு கட்டிட்டு கேட்டான், "அண்ணே, ஒரு ஸ்டேஜ் 180 மடங்கு, அப்ப ரெண்டும் சேர்ந்தா 180ஐ 180ஆல பெருக்கி 32,400 வரணுமே, கால்வாசி கூட வரல்லியே" எண்டு. ட்ரான்சிஸ்டர் பழுது இல்ல, பின்னுக்கு கொழுவுறது முன்னுக்கு உள்ளதின்ட சிக்னலை கீழ இழுக்கிறதுக்கு லோடிங் எண்டு பேர், அதை அவன் கணக்குல எடுக்கல்ல, அவ்வளவுதான். அவன்ட சர்க்கிட்டையே வச்சு பாப்பம்.

முதல்ல ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் மூண்டு நம்பர் எடுங்க: இன்புட் ரெசிஸ்டன்ஸ், அவுட்புட் ரெசிஸ்டன்ஸ், அவுட்புட்டில ஒண்டும் கொழுவாம இருக்கக்க உள்ள கெயின். ரெண்டு ஸ்டேஜும் ஒரே மாதிரி காமன் எமிட்டர், 12 வோல்ட் சப்ளை, பேஸுக்கு 47கேயும் 10கேயும், கலெக்டர்ல 4.7கே, எமிட்டர்ல 1.5கே, அதுக்கு குறுக்கால பைபாஸ் கெப்பாசிட்டர். கரண்ட் கிட்டத்தட்ட 1 மில்லிஅம்பியர் ஓடும், அந்த கரண்டுக்கு எமிட்டருக்கு உள்ள இருக்கிற சின்ன ரெசிஸ்டன்ஸ் 26 ஓம். 4.7கேயை 26ஆல பிரிச்சா 180, அதுதான் கெயின். அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் அந்த 4.7கேயேதான். இன்புட்டுக்கு, பீட்டா 200 எண்டு வச்சா 200 × 26 = 5.2கே, அதோட 47கேயும் 10கேயும் பரலலா நிக்கிறதால 3.2கேக்கு இறங்கும்.

இனி மைக்கில இருந்து கடைசி வரைக்கும் பாருங்க, ஒண்டோட ஒண்டு சேர்ற ஒவ்வொரு இடத்திலயும் ஒரு வோல்ட்டேஜ் டிவைடர் நிக்குது, முன்னுக்கு உள்ளதின்ட அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் மேல, பின்னுக்கு உள்ளதின்ட இன்புட் ரெசிஸ்டன்ஸ் கீழ. மைக் 600 ஓம், கடைசில கொழுவுற லோட் 10கே எண்டு எடுப்பம்.

```
மைக் -> 1ம் ஸ்டேஜ்   : 3.2 / (0.6 + 3.2) = 0.84
1ம் -> 2ம் ஸ்டேஜ்    : 3.2 / (4.7 + 3.2) = 0.405
2ம் ஸ்டேஜ் -> லோட்   : 10 / (4.7 + 10)   = 0.68

மொத்தம் = 0.84 x 180 x 0.405 x 180 x 0.68 = சுமார் 7500
```

ஒவ்வொரு ஸ்டேஜும் சிக்னலை தலைகீழாக்கும், ரெண்டு தரம் திரும்பினா பழையபடி நேரா வந்திரும், அதால மைனஸை விட்டுட்டன். மைக்கில 0.1 மில்லிவோல்ட் வந்தா லோட்ல 0.75 வோல்ட். நடுவுல உள்ள 0.405ஐ கவனிங்க, பாதிக்கு மேல அங்கயே போயிருது.

இங்கதான் கனபேர் மாட்டுறது. சில புத்தகத்தில கெயினை வேற மாதிரி போடுவாங்க, கலெக்டர் 4.7கேயையும் அடுத்த ஸ்டேஜின்ட 3.2கேயையும் பரலலா எடுத்து 1.9கே, அதை 26ஆல பிரிச்சு 73 எண்டு. அதுவும் சரிதான், 180 × 0.405ம் அதே 73தான். ஆனா 73 எண்டு எடுத்துப்போட்டு திரும்பவும் 0.405ஆல பெருக்கினா லோடிங்கை ரெண்டு தரம் கழிச்சதாப் போகும், 30 எண்டு பிழையா வரும். ஒண்டு அப்பிடி, இல்லாட்டி இப்பிடி, ரெண்டையும் கலக்கப்படாது.

கட்டின சர்க்கிட்ல சரி பாக்கிறதுக்கு, ரெண்டாம் ஸ்டேஜுக்குப் போற கப்ளிங் கெப்பாசிட்டரின்ட ஒரு காலை கழட்டிட்டு முதல் கலெக்டர்ல சிக்னலை ஸ்கோப்பால பாருங்க, பிறகு காலை திரும்ப சோல்டர் பண்ணிட்டு பாருங்க. மைக்கில அதே 0.1 மில்லிவோல்ட் எண்டா, கணக்குப்படி 15 மில்லிவோல்ட் இருந்தது 6க்கு விழணும். விழல்லாட்டி பீட்டா நினைச்சதை விட கூட, இல்லாட்டி ரெண்டாம் ஸ்டேஜின்ட எமிட்டர் பைபாஸ் கெப்பாசிட்டர் பிடிக்கல்ல, அது விட்டுப்போனா இன்புட் ரெசிஸ்டன்ஸ் கூடும், ஆனா அந்த ஸ்டேஜின்ட கெயின் மூண்டு மடங்குக்கு வந்திரும். சாதாரண மல்டிமீட்டரை இவ்வளவு சின்ன ஏசிக்கு நம்ப ஏலாது.

ரெண்டு ஸ்டேஜுக்கு இடையில போற இந்த இழப்பைக் குறைக்கணும் எண்டா நடுவுல எமிட்டர் ஃபாலோவர் ஒண்டு போடலாம். இன்புட் 45கே அளவு, அவுட்புட் 50 ஓம் கிட்ட, கெயின் 0.99.

```
45 / (4.7 + 45) x 0.99 x 3.2 / (0.05 + 3.2) = 0.88
```

0.405 இருந்த இடத்தில இப்ப 0.88, மொத்தம் 16,000 தாண்டும். ஆனா அப்ப ரெண்டாம் பேஸுக்கு 13 மில்லிவோல்ட் போகும், பைபாஸ் போட்ட காமன் எமிட்டர் அந்த அளவுல அலையை ஒரு பக்கம் நசுக்கத் தொடங்கும். அதால ஃபாலோவர் போட்டா முதல் ஸ்டேஜ் எமிட்டர்ல பைபாஸ் ஆகாத ஒரு 27 ஓம் விட்டு கெயினை அரைவாசியாக்குங்க, அதோட அந்த ஸ்டேஜின்ட இன்புட் ரெசிஸ்டன்ஸும் கூடும், மைக் பக்கத்து 0.84ஐ புதுசா கணக்குப் பாக்கணும்.