பாறை ஆப்பு வழுக்குமா, எத்தனை ராக் போல்ட் போடணும்: முதன்முதலாகக் கணக்குப் போடுபவர்களுக்கு

டெல்லியில் சாலை கன்சல்டன்சி வேலைக்கு வரும் நம்ம ஊர்ப் பசங்களை ரிஷிகேஷுக்கு மேலே சைட்டுக்கு அனுப்பினால், வெட்டுமுகத்தைப் பார்த்ததும் "அண்ணா, மூணு மீட்டருக்கு ஒரு போல்ட் போட்டுடலாமா?" என்றுதான் கேட்பார்கள். அதனால் முதல் ஞாயிற்றுக்கிழமையே அவர்களை சஞ்சய் வனத்துக்குக் கூட்டிப் போய்விடுவேன். அங்கே வெளியே தெரியும் குவார்ட்சைட் பாறையில் ஜாயின்ட்கள், அதாவது பாறையில் இயற்கையாக ஓடும் விரிசல்கள், நன்றாகவே இருக்கின்றன, மலையேறாமலே காம்பஸ் பிடித்துப் பழகலாம்.

முதலில் அளவு. ஒவ்வொரு ஜாயின்டுக்கும் இரண்டே எண்கள்தான்: கிடைமட்டத்திலிருந்து எத்தனை டிகிரி சாய்கிறது, வடக்கிலிருந்து எத்தனையாவது டிகிரி திசையில் சாய்கிறது. ஒரே இடத்தில் வைத்துப் பார்த்து முடித்துவிடாதீர்கள், பாறையின் பரப்பு மேடும் பள்ளமுமாக இருப்பதால் பத்துப் பன்னிரண்டு இடங்களில் எடுங்கள். நான் கற்றுக்கொடுக்க வைத்திருக்கும் கணக்கில் ஒரு ஜாயின்ட் 50/130, இன்னொன்று 50/230. வெட்டுமுகம் தெற்கே பார்த்து 70 டிகிரியில் நிற்கிறது.

அப்புறம் வெட்டுக்கோடு. இரண்டு ஜாயின்ட்களுக்கு நடுவே சிக்கிய பாறைத் துண்டுதான் ஆப்பு, அவை சந்திக்கும் கோட்டின் வழியாகத்தான் அது வழுக்கும், படகு தன் அடிக்கட்டையில் சறுக்கி இறங்குவதுபோல. இங்கே இரண்டும் சமச்சீராக இருப்பதால் கோடு நேராகத் தெற்கே இறங்குகிறது. அதன் சாய்வு p; cos-க்குள் இருக்கும் 50, ஜாயின்ட் சாயும் திசைக்கும் தெற்குக்கும் உள்ள வித்தியாசம், 180 − 130.

```
tan p = tan 50° × cos 50° = 0.766
p = 37.5°
```

இப்போது இரண்டு கேள்விகள். கோடு வெட்டுமுகத்தில் வெளியே வந்து திறக்கிறதா? 37.5, 70-ஐ விடக் குறைவு, ஆக திறக்கிறது. உராய்வுக் கோணத்தை விடச் செங்குத்தாக இருக்கிறதா? 30 டிகிரி என்று வைத்தால், ஆமாம். காய்ந்த நிலையில் இரண்டுக்கும் "ஆமாம்" வந்தால்தான் ஆப்பு நகர வழி உண்டு. முதல் கேள்விக்கே "இல்லை" வந்தால் இந்த ஆப்புக்காக போல்ட் போடுவது வீண் செலவு.

பாதுகாப்பு விகிதம், FS: பிடிக்கும் விசையைக் கீழே தள்ளும் விசையால் வகுத்தது. ஆப்பு இரண்டு சுவர்களுக்கு நடுவே இறுகி உட்கார்ந்திருப்பதால் தட்டையான பலகையை விடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். சுவர்களுக்கு நடுவே 108 டிகிரி இருப்பதால்:

```
FS = tan 30° / (sin 54° × tan 37.5°) = 0.93
```

ஒன்றுக்குக் கீழே! அப்புறம் ஏன் விழாமல் நிற்கிறது என்று கேட்டால், ஜாயின்டின் சொரசொரப்பும் நடுவே உடையாமல் மிச்சமிருக்கும் பாறைத் துண்டுகளும்தான் காரணம். அதை நம்பி நான் கணக்குப் போடமாட்டேன்.

போல்ட். ஆப்பு 20 கன மீட்டர் என்றால் எடை சுமார் 52 டன். போல்ட்டை வடக்கே, 10 டிகிரி கீழ்நோக்கித் துளைத்து, முனையை கிரவுட்டில் பிடிக்கவைத்து இழுத்து முறுக்கினால் இரண்டு வேலை நடக்கும்: ஆப்பைப் பின்னால் இழுக்கும், சுவர்களோடு சேர்த்தும் அழுத்தும். கணக்குப்படி பார்த்தால் பத்துப் பன்னிரண்டு டிகிரி மேல்நோக்கித் துளைத்தால் இன்னும் குறைந்த விசையே போதும், ஆனால் கிரவுட் துளையிலிருந்து வழிந்து வந்துவிடும், அதனால் யாரும் அப்படிச் செய்வதில்லை.

காய்ந்த நிலையில் விகிதம் 1.5 வர 12 டன் இழுவிசை வேண்டும். மழையில் ஜாயின்டுக்குள் நீர் நிரம்பி, ஆப்பின் எடையால் வரும் உராய்வில் பாதி போய்விட்டது, போல்ட் அழுத்துவதால் வரும் உராய்வு அப்படியே இருக்கிறது என்று வைத்தால் அதுவே 21 டன். 25 மி.மீ. கம்பி ஏறக்குறைய 25 டன்னில் இளகும், ஆகவே ஒன்றுக்குப் பாதி, 12 டன் மட்டும் கொடுப்போம். இரண்டு போல்ட் போதும், துளை ஒன்று சரியாக அமையாமல் போகலாம் என்பதற்காக நான் மூன்று வரைவேன். கூடவே ஜாயின்டை வெட்டிப்போகும்படி நீர்வடி துளைகள், அவை அடைபட்டால் மேலே போட்ட 21 டன் கணக்கும் பொய்யாகிவிடும்.

நீளத்தில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். துளை போகும் இடத்தில் ஆப்பின் தடிமன் 2.5 மீட்டர் என்றால் 3 மீட்டர் போல்ட் கிட்டத்தட்ட முழுக்க ஆப்புக்குள்ளேயே முடிந்துவிடும், ஆப்போடு சேர்ந்து அதுவும் கீழே வரும். 38 மி.மீ. துளையில், நல்ல பாறையில், 12 டன்னுக்கு ஜாயின்டைத் தாண்டி ஒரு மீட்டர் கிரவுட் கணக்குக்குப் போதும். கிரவுட் முழுக்க நிரம்பியதா என்று கண்ணால் பார்க்க முடியாததால் நான் இரண்டு மீட்டர் எடுப்பேன், ஆக 4.5 மீட்டர், வெளியே நட்டுக்கும் பிளேட்டுக்கும் கொஞ்சம் மிச்சம்.

போட்டபின். சில போல்ட்டுகளையாவது ஜாக் வைத்து இழுத்துப் பாருங்கள், விசை ஏறாமல் கம்பி மட்டும் வெளியே வந்துகொண்டே இருந்தால் கிரவுட் பிடிக்கவில்லை. மழைக்காலம் முடிந்து போகும்போது பிளேட்டைப் பாருங்கள். உள்குழிந்து வளைந்திருந்தால் ஆப்பு தள்ளுகிறது என்று அர்த்தம், கையால் ஆட்டினாலே ஆடினால் இழுவிசை போய்விட்டது. வெட்டுமுகத்துக்கு மேலே மண்ணில் புது விரிசல் தெரிந்தாலோ பிளேட்டைக்கூட எட்டிப் பார்க்கவேண்டாம், முதலில் கீழே வண்டிகளை நிறுத்தச் சொல்லுங்கள்.