திசைவேகம்–காலம் வரைபடத்தில் தொலைவும் முடுக்கமும் காண்பது எப்படி?

இரண்டு நிலையங்களுக்கு இடையே நேர்ப்பாதையில் ஓடும் ஒரு மெட்ரோ ரயிலை எடுத்துக்கொள்வோம். கிடை அச்சில் காலம் (வினாடி), செங்குத்து அச்சில் திசைவேகம் (மீ/வி). இந்த ஐந்து புள்ளிகளைக் குறித்து நேர்க்கோடுகளால் இணையுங்கள்: (0, 0), (10, 12), (20, 20), (65, 20), (90, 0).

முதலில் அச்சுகளின் அலகைப் பாருங்கள். வேகம் கி.மீ/மணியில் இருந்தால் 3.6 ஆல் வகுத்து மீ/விக்கு மாற்றிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

அடுத்து, கோடு எங்கெல்லாம் சாய்வு மாறுகிறதோ அங்கெல்லாம் கீழ் அச்சு வரை ஒரு செங்குத்துக் கோடு இழுங்கள். நமக்கு நான்கு கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் கோட்டின் சாய்வு முடுக்கத்தையும், கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு தொலைவையும் தரும்.

முதல் கட்டம் எளிது. 10 வினாடியில் வேகம் 0 இலிருந்து 12 ஆகிறது. முடுக்கம் 12 ÷ 10 = 1.2 மீ/வி². பரப்பு ஒரு முக்கோணம்: ½ × 10 × 12 = 60 மீ.

பலரும் சறுக்குவது இரண்டாம் கட்டத்தில்தான். 20ஆம் வினாடியில் வேகம் 20 என்பதால் 20 ÷ 20 = 1 என்று போட்டுவிடுவார்கள். அது முதல் 20 வினாடிக்கான சராசரி முடுக்கம். இந்தக் கட்டத்துக்கு உரியதல்ல. இங்கே வேகம் 12 இலிருந்து 20 ஆக உயர்ந்தது, அதற்கு ஆன நேரம் 10 வினாடி. ஆகவே (20 − 12) ÷ 10 = 0.8 மீ/வி². பரப்பிலும் இதே சிக்கல் உண்டு. மேலே தெரியும் சிறு முக்கோணத்தை மட்டும் கணக்கிட்டால் 40 மீ தான் வரும். அதற்குக் கீழே 10 × 12 = 120 மீ செவ்வகம் ஒன்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 160 மீ. சரிவகச் சூத்திரமும் இதையே தரும்: ½ × (12 + 20) × 10.

மூன்றாம் கட்டத்தில் கோடு கிடையாகச் செல்கிறது. முடுக்கம் சுழியம், ஆனால் ரயில் நிற்கவில்லை, 20 மீ/வியில் ஓடிக்கொண்டிருக்கிறது. 45 × 20 = 900 மீ.

கடைசியில் பிரேக். (0 − 20) ÷ 25 = −0.8 மீ/வி². எதிர்க்குறி வந்ததால் ரயில் பின்னோக்கிப் போகிறது என்று அர்த்தமில்லை. கோடு அச்சுக்கு மேலேயே இருக்கும்வரை அது முன்னோக்கித்தான் நகர்கிறது, வேகம் மட்டும் குறைகிறது. தொலைவு ½ × 25 × 20 = 250 மீ.

மொத்தம் 60 + 160 + 900 + 250 = 1370 மீ. விடையைச் சரிபார்க்க 90 வினாடியால் வகுத்துப் பாருங்கள்: சராசரி வேகம் சுமார் 15.2 மீ/வி. இது அதிகபட்ச வேகமான 20ஐத் தாண்டியிருந்தால் எங்கோ ஒரு பரப்பு தவறு.

கோடு அச்சுக்குக் கீழே இறங்கினால்தான் பொருள் திசை திரும்பியிருக்கிறது. அப்போது தொலைவுக்கு அந்தப் பரப்பைக் கூட்டுங்கள். இடப்பெயர்ச்சி கேட்டால் கழியுங்கள்.