டெபாசிட் பணம் கேட்கும்முன்: வாரிசுச் சான்றிதழில் கோட்டை விடும் இடங்கள்

வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு வங்கிக்குக் கிளம்பிவிடுகிறோம். அங்கே கவுண்டரில் பார்ப்பது எண்ணிக்கையை அல்ல. சான்றிதழில் இருக்கும் ஆளும் டெபாசிட் பதிவில் இருக்கும் ஆளும் ஒருவர்தானா என்பதைத்தான்.

நம் ஊரில் இதற்கு முதல் வினை இனிஷியல். முருகேசன் என்ற ஒருவரை வைத்துக்கொள்வோம். அவர் பெயரில் ஒரு டெபாசிட், நியமனதாரர் ‘எம். செல்வி’ என்று ரசீதில் இருக்கிறது. மகள் செல்விக்கு அது அப்பாவின் இனிஷியல். கல்யாணமானபின் ஆதாரில் அவர் ‘ஆர். செல்வி’, சான்றிதழிலும் கணவர் ராஜேந்திரன் பெயரோடுதான் வந்திருக்கிறார். இதோடு போனால் பரவாயில்லை. மூத்த மகன் மணியின் மனைவி பெயரும் செல்வி, அவரும் ‘எம். செல்வி’! ரசீதை மட்டும் நம்பினால் பணம் யாருக்கு என்று வீட்டிலேயே பஞ்சாயத்து வந்துவிடும். டெபாசிட் போட்டபோது கொடுத்த நியமனப் படிவத்தில் உறவு, வயது, முகவரி இருக்கும். அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ‘மகள்’ என்றிருந்தால், பழைய பள்ளிச் சான்றிதழும் ‘இருவரும் ஒருவரே’ என்ற உறுதிமொழிப் பத்திரமும் பெரும்பாலும் போதும்.

நியமனதாரர் பணத்தை வாங்கும் உரிமை உள்ளவர்தான். முழுப் பணத்துக்கும் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. நியமனமே இல்லாத டெபாசிட்டில்தான் சான்றிதழின் உறவுப் பட்டியல் முழுக் கனத்தோடு நிற்கும். அங்கே அடிக்கடி விட்டுப்போவது இறந்தவரின் தாயார். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணுக்கு மனைவி, மக்களோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. எண்பது வயதுப் பாட்டி கிராமத்தில் இருக்கிறாரே என்று யாரும் விண்ணப்பத்தில் எழுதுவதில்லை. முன்பே இறந்துபோன மகனின் பிள்ளைகளும் இப்படித்தான் விடுபடுகிறார்கள். இந்தக் குறையை உறுதிமொழிப் பத்திரத்தால் தீர்க்க முடியாது. தாசில்தார் அலுவலகத்தில்தான் திருத்தி வாங்க வேண்டும். பேனாவால் ஒரு பெயரைச் சேர்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

உயில் நகலோடு போகிறவர்கள் பெயரைப் பார்த்துவிட்டு டெபாசிட் எண்ணைப் பார்க்க மறந்துவிடுவார்கள். உயில் எழுதிய நாளில் இருந்த ரசீது முதிர்ந்து, புதுப்பிக்கப்பட்டபோது சில வங்கிகளில் எண்ணும் மாறியிருக்கும். உயிலில் ஓர் எண், கணினியில் வேறோர் எண் என்றால், ‘இந்த டெபாசிட்டைப் பற்றி உயிலில் ஒன்றும் இல்லையே’ என்றுதான் பதில் வரும். பழைய எண் எந்தத் தேதியில் எந்த எண்ணாகப் புதுப்பிக்கப்பட்டது என்று கிளையிலேயே எழுதி வாங்கி, உயில் நகலோடு சேர்த்துக் கொடுங்கள்.