சிவப்பு விளக்கு எரியும்போது உள்ளே நடப்பது: லித்தியம் செல் சார்ஜ் ஆவதை மல்டிமீட்டரில் பார்ப்போம்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது, கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் பல நாள் கரண்ட் இல்லை. அன்றிலிருந்து ஐப்பசி பிறக்கும் முன்பே எமர்ஜென்சி விளக்கைக் கழற்றிச் சரிபார்த்து வைத்துவிடுவேன். அதில் இருப்பது 2600 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒரே ஒரு 18650 லித்தியம் செல். சார்ஜ் செய்ய, கடைகளில் எளிதாகக் கிடைக்கும் டிபி4056 சிப் பொருத்திய சின்ன போர்டு. இதே போர்டும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் நீங்களும் கூடவே செய்து பார்க்கலாம்.

படி 1: இரண்டு இடங்களைக் கண்டுபிடியுங்கள்

செல்லின் பிளஸ், மைனஸ் வயர்கள் சேரும் இடம் ஒன்று. அங்கே செல்லின் வோல்டேஜ் தெரியும். இன்னொன்று, சிப்பின் 2-ஆம் காலோடு சேர்ந்திருக்கும் ரெசிஸ்டர். பெரும்பாலும் அதன் மேல் 122 என்று இருக்கும், அதாவது 1200 ஓம். சார்ஜ் கரண்ட் எவ்வளவு என்பதை முடிவு செய்வது இதுதான். இதன் குறுக்கே உள்ள வோல்டேஜை அளந்தால், வயரை வெட்டாமலே கரண்ட் தெரிந்துவிடும்:

```
I = 1200 × V / R
```

R 1200 ஓம் என்றால், மீட்டர் 1 வோல்ட் காட்டும்போது 1 ஆம்பியர், 0.5 வோல்ட் காட்டும்போது அரை ஆம்பியர். மீட்டர் முனையைச் சிப்பின் காலில் வைக்காதீர்கள், வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டுவிடும். ரெசிஸ்டரின் இரு முனைகளில் வைப்பதே பத்திரம். செல்லைத் தலைகீழாக மாட்டினால் சிப் போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 2: கான்ஸ்டன்ட் கரண்ட் என்ற சிசி கட்டம், கரண்ட் மாறாது

செல் 2.9 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால், சிப் முதலில் பத்தில் ஒரு பங்கு அளவு கரண்ட்தான் விடும். அதைத் தாண்டியதும் முழுக் கரண்ட். என் செல் 3.4 வோல்ட்டில் இருந்தது. மாட்டியதும் 3.5-க்கு ஏறியது. ரெசிஸ்டரில் 1 வோல்ட் அப்படியே நின்றது. வோல்டேஜ் மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே போக, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் 4.2 வந்தது.

படி 3: கான்ஸ்டன்ட் வோல்டேஜ் என்ற சிவி கட்டம், வோல்டேஜ் மாறாது

4.2 வந்துவிட்டதே, செல் நிறைந்துவிட்டதா? இல்லை. செல்லுக்குள் கொஞ்சம் மின்தடை உண்டு. கணக்குக்கு 0.1 ஓம் என்று வைப்போம். 1 ஆம்பியர் ஓடும்போது அந்தத் தடையே 0.1 வோல்ட் எடுத்துக்கொள்ளும். ஆக வெளியே 4.2 தெரிந்தாலும் உள்ளே 4.1தான். இதே கரண்டைத் தொடர்ந்து தள்ளினால் வெளி வோல்டேஜ் 4.2-ஐத் தாண்டும். அப்போது எலக்ட்ரோலைட் சிதையத் தொடங்கும், நெகடிவ் தகட்டின் மேல் லித்தியம் உலோகமாகப் படியவும் கூடும். செல் கெடுவதும் ஆபத்தாவதும் அங்கேதான்.

அதனால் சிப் 4.2-ஐ விடாமல் பிடித்துக்கொள்கிறது. கரண்டை இத்தனை நிமிடத்துக்கு இவ்வளவு குறை என்று யாரும் அதற்குச் சொல்லி வைக்கவில்லை. உள்ளே 4.15 ஆனால் இடைவெளி 0.05 வோல்ட், எனவே அரை ஆம்பியர்தான் ஓட முடியும். 4.19 ஆனால் 0.1 ஆம்பியர். நிஜ செல்லில் கணக்கு இவ்வளவு நேராக இருக்காது, ஆனால் போக்கு இதுதான். சிப்புக்குள் கரண்டைக் காவல் காப்பது ஒன்று, வோல்டேஜைக் காவல் காப்பது ஒன்று. இரண்டும் ஒரே டிரான்சிஸ்டரைத்தான் இயக்குகின்றன. எது குறைவாகக் கேட்கிறதோ அதன் சொல்லே செல்லும்.

கரண்ட் பத்தில் ஒரு பங்குக்கு, அதாவது 0.1 ஆம்பியருக்கு இறங்கியதும் சார்ஜ் நிற்கும். சிவப்பு அணைந்து நீலமோ பச்சையோ எரியும். எனக்கு இந்தக் கட்டம் ஒரு மணி நேரம் பிடித்தது. பிறகு செல் 4.05 அளவுக்கு இறங்கினால் சிப் தானே மறுபடி தொடங்கும்.

படி 4: கரண்ட் குறைந்தாலே சிவி என்று நினைக்காதீர்கள்

ரெசிஸ்டரில் 0.6 வோல்ட், ஆனால் செல்லில் 3.8தான் என்றால் அது சிவி கட்டம் இல்லை. காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். போர்டுக்கு வரும் வோல்டேஜை அளந்து பாருங்கள். 5-க்குப் பதில் 4.3 போல இருந்தால் யுஎஸ்பி கேபிள் மெல்லியது, மாற்றுங்கள். 5 சரியாக வந்தால் சிப் சூடாகிக் கரண்டைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. செல் 3.5-இல் இருக்கும்போது மிச்சமுள்ள 1.5 வோல்ட் முழுவதும் சிப்பில் வெப்பமாகிறது. 1 ஆம்பியருக்கு அது 1.5 வாட். ஆகவே சூடு அதிகம் இருப்பது தொடக்கத்தில்தான், செல் நிறைய நிறையக் குறையும். போர்டை மூடிய டப்பாவுக்குள் வைக்காமல் காற்றுப்பட வையுங்கள்.

போன வருஷம் என் விளக்கில் இரவு முழுக்கச் சிவப்பு அணையவே இல்லை. செல் 4.2-இலேயே நின்றது, ரெசிஸ்டரில் 0.3 வோல்ட். செல் கெட்டுவிட்டது என்றே முதலில் நினைத்தேன். பார்த்தால், சார்ஜ் ஆகும்போதே விளக்கையும் எரியவிட்டிருந்தேன். செல்லுக்குப் போவது எது, விளக்குக்குப் போவது எது என்று சிப்புக்குப் பிரித்துத் தெரியாது. விளக்கு 0.3 ஆம்பியர் இழுக்கும்வரை மொத்தக் கரண்ட் 0.1-க்கு எப்படி இறங்கும்? ஸ்விட்சை அணைத்ததும் ரெசிஸ்டரில் 0.1-க்குக் கீழே போனது, அடுத்த கணம் நீல விளக்கு வந்தது.