பத்து அளவீடுகளை நீக்கியது யார்?

கொழும்பு பேரை வாவியின் நீரில் நைத்திரேற்று எவ்வளவு என்று பார்த்தேன். ஆய்வேட்டின் முறையியலில் இப்படி எழுதியிருந்தேன்: “அளவீடுகளை இருமுறை சரிபார்த்து, கருவி கோப்பில் பதிவு செய்தது. பொருந்தாத 10 அளவீடுகள் நீக்கப்பட்டன.”

மேற்பார்வையாளர் ‘சரிபார்த்து’, ‘நீக்கப்பட்டன’ இரண்டையும் வட்டமிட்டு, “தம்பி, சரிபார்த்தது கருவியா, நீங்களா?” என்று கேட்டார். சரிபார்த்தது நான்தான். ஆனால் ‘சரிபார்த்து’ போன்ற வினையெச்சம் பெரும்பாலும் முடிக்கும் வினையின் எழுவாயையே தேடிப் போகும். இங்கே அது கருவி. ‘மழை பெய்து நெல் விளைந்தது’ என்று இரண்டு எழுவாயோடும் சொல்கிறோம்தான். அங்கே மழை கண்முன் நிற்கிறது. என் வாக்கியத்தில் நான் எங்குமே இல்லை.

‘நீக்கப்பட்டன’ இன்னும் மோசம். குறிப்பேட்டைப் புரட்டினால், அளவுத்திருத்த எல்லையைத் தாண்டிய 7 அளவீடுகளை மென்பொருள் தானாகவே நீக்கியிருந்தது. போத்தலின் பெயர்ச்சீட்டு அழிந்துபோன 3 அளவீடுகளை நீக்கியது நான். முதலாவது கருவியின் விதி, மற்றது என் முடிவு. வாசகர் இரண்டையும் ஒரே மாதிரி எடைபோட முடியாது.

இப்படித் திருத்தினேன்: “அளவீடுகளை நான் இருமுறை சரிபார்த்தேன், பின்னர் கருவி அவற்றைப் பதிவு செய்தது. எல்லை தாண்டிய 7 அளவீடுகளை மென்பொருள் நீக்கியது. பெயர்ச்சீட்டு அழிந்த 3 அளவீடுகளை நான் நீக்கினேன்.”

அப்புறம் ஆய்வேடு முழுக்க ‘பட்டது’, ‘பட்டன’ என்று தேடி, ஒவ்வொன்றிலும் ‘யாரால்?’ என்று கேட்டேன். ‘போத்தல்கள் கழுவப்பட்டன’ என்பதை மட்டும் அப்படியே விட்டேன். யார் கழுவினாலும் முடிவு மாறாது.