கரண்ட் போனால் வால்வு திறக்க வேண்டுமா, மூட வேண்டுமா?

தண்ணீர்க் குழாயைக் கரண்டால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது சைஸையும் வோல்டேஜையும்தான். அரை இஞ்ச், 230 வோல்ட் என்று சொன்னால் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார். அது பெரும்பாலும் நார்மலி குளோஸ்டு வகையாக இருக்கும். காயிலில் கரண்ட் இல்லாதபோது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை மூடி வைத்திருக்கும். நார்மலி ஓப்பன் இதற்கு நேர் எதிர்: கரண்ட் இருந்தால்தான் மூடும், போனால் திறந்துவிடும். எது வேண்டும் என்பதை லைன்தான் சொல்ல வேண்டும்.

முதல் படி, ஒரு தாளில் இதை எழுதுங்கள்: இந்த லைனில் கரண்ட் போனபின் தண்ணீர் ஓடினால் கெடுதலா, நின்றால் கெடுதலா? மொட்டைமாடித் தோட்டத்துச் சொட்டுநீர் லைன் என்றால் ஓடினால்தான் கெடுதல். இரவு கரண்ட் போய், விடியும்போது தொட்டி காலியாகிக் கிடக்கும். செடி சில மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. நார்மலி குளோஸ்டு போடுங்கள், வேலை முடிந்தது.

இரண்டாவது படிதான் பலர் தாண்டிப் போவது. கரண்ட் போகும்போது ஆபத்தும் கூடவே போகிறதா? மின்சார ஹீட்டரில் ஓடும் சின்ன வாலைவடி கருவிக்குக் குளிர்நீர் நின்றாலும், ஹீட்டரும் அணைந்துவிடும், மீதிச் சூடு கொஞ்சம்தான். நீலகிரிப் பக்கம் விறகடுப்பில் தைல எண்ணெய் வடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனதும் பம்ப் நிற்கும், நீராவியைக் குளிர வைக்கும் கண்டென்சரில் தண்ணீர் நிற்கும். அடுப்பு நிற்காது. நீராவி குளிராமலே, எண்ணெயையும் சுமந்துகொண்டு கொட்டகைக்குள் சீறும். இங்கே தண்ணீர் நின்றால்தான் கெடுதல், அதனால் நார்மலி ஓப்பன்.

சரி, அந்த வால்வை எங்கே போடுவது? பம்ப் லைனிலேயே போட்டால் பயனில்லை. வால்வு திறந்தே இருந்தாலும் தள்ளிவிடப் பம்ப் இல்லையே. ஆகவே மூன்றாவது படி, தண்ணீருக்குக் கரண்ட் தேவைப்படாத வழி. கண்டென்சரை விட 4 மீட்டர் உயரத்தில் 1000 லிட்டர் தொட்டி ஒன்று. அதிலிருந்து வரும் குழாயில் நார்மலி ஓப்பன் வால்வு. அந்தக் குழாய் பம்ப் லைனோடு சேரும் இடத்துக்கு முன்னால், பம்ப் பக்கத்தில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. இது இல்லாவிட்டால் தொட்டித் தண்ணீர் நின்றுபோன பம்ப் வழியாகப் பின்னோக்கி இறங்கிவிடும்.

காயிலுக்கான ஒயரைப் பம்ப் மோட்டாருக்குப் போகும் அதே சப்ளையிலிருந்து, ஸ்டார்ட்டருக்குப் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். இதை எலக்ட்ரீஷியன் செய்யட்டும்; காயிலின் வோல்டேஜ் அங்கே கிடைக்கும் வோல்டேஜுக்குப் பொருந்த வேண்டும். விளக்கு சர்க்யூட்டிலிருந்து எடுத்தால், பம்ப் மட்டும் டிரிப் ஆகும்போது வால்வு மூடியே கிடக்கும். இன்வெர்ட்டரில் மாட்டினாலும் அதே கதைதான். ஒன்று, மோட்டார் ஓடிக்கொண்டே தண்ணீர் தூக்காமல் போனால் இந்த ஏற்பாட்டுக்குத் தெரியாது. அதற்குத் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் ஃப்ளோ ஸ்விட்ச் தனியாக வேண்டும்.

பம்ப் ஓடும் நேரமெல்லாம் காயிலில் கரண்ட் இருக்கும். எனவே தொடர்ந்து கரண்ட் தாங்கும் காயில்தானா என்று கேட்டு வாங்குங்கள். தொட்டால் நன்றாகச் சுடும், அது இயல்புதான்.

நான்காவது படி, அழுத்தம். மலிவான வால்வுகள் பல பைலட் வகை: தண்ணீரின் அழுத்தமே உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வை, அதாவது டயாஃப்ரத்தை, நகர்த்த உதவ வேண்டும். அதற்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை கேட்கும். 4 மீட்டர் உயரம் தருவது ஏறக்குறைய 0.4 பார், அதிலும் குழாய் கொஞ்சம் தின்றுவிடும். வால்வு அரைகுறையாகத் திறந்து மெலிதாக ஒழுகினால் காரணம் இதுதான். குறைந்தபட்ச அழுத்தம் 0 பார் என்று போட்ட வால்வைக் கேளுங்கள். உடம்பில் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்கட்டும். முன்னால் ஒரு வடிகட்டி கட்டாயம், ஏனென்றால் டயாஃப்ரத்தின் சின்னத் துளையில் மண் அடைத்தால் எந்த வகை வால்வும் தன் சொல்லைக் காப்பாற்றாது.

அப்புறம் சோதனை. அடுப்பு பற்றவைக்காமல் பம்ப்பை ஓடவிட்டு மெயினை அணையுங்கள். கண்டென்சரிலிருந்து வெளியேறும் தண்ணீரை 10 லிட்டர் வாளியில் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் நிறைந்தால் தொட்டி 100 நிமிடம் தாங்கும். விறகை இழுத்து அடுப்பை ஆற்ற அது போதுமா என்று பாருங்கள், போதாவிட்டால் பெரிய தொட்டி.

வடிப்பு இல்லாத நாட்களில் பம்ப் நின்றிருக்கும், அதனால் வால்வு திறந்தே கிடக்கும். தொட்டிக்குக் கீழே கையால் திருப்பும் பந்து வால்வு ஒன்று வைத்து அதை மூடிவிடுங்கள். அடுப்பு பற்றவைக்கும் முன் அதைத் திறக்க வேண்டும். மறக்காமலிருக்க, தீப்பெட்டியை அந்தக் கைப்பிடியிலேயே கட்டித் தொங்கவிடலாம்.